மீன் வியாபாரிகளுக்கான அரைநாள் ஐஸ் செயலமர்வு: நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சந்தைத் தட்டிலும் மீன் விற்பவர்களுக்காக நாங்கள் நடத்திவரும் மூன்றரை மணி நேரச் செயலமர்வைத் தங்கள் ஊரில் நடத்த விரும்பும் கூட்டுறவுச் சங்க உத்தியோகத்தர்களும் சமூக அமைப்பினரும் எங்களிடம் கேட்டவற்றில் அடிக்கடி திரும்பி வந்த கேள்விகள் இவை. செயலமர்வின் பொருள் ஒன்றே: வாங்கிய மீனை விற்று முடிக்கும்வரை குளிராக வைத்திருப்பது.

எந்த நாள், எத்தனை மணிக்கு வைத்தால் ஆட்கள் வருவார்கள்?

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒன்றரை மணி. விடியப்புறம் வாடியில் மீன் எடுத்தவர்கள் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் விற்று முடித்துக் குளித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். காலையில் செயலமர்வு வைத்தால் அவர்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும். வருபவர்களோ மீன் விற்காதவர்களாக இருப்பார்கள். பல இந்துக் குடும்பங்கள் செவ்வாயிலும் வெள்ளியிலும் மச்சம் சமைப்பதில்லை என்பதால் அந்த இரண்டு நாட்களிலும் வியாபாரம் மந்தம். வெள்ளியில் ஜும்ஆ இருப்பதால் செவ்வாய்தான் மிஞ்சுகிறது.

பருவத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் ஆட்களுக்கு நேரம் இருக்கும். ஆனால் செயல்முறைக்கு நல்ல மீன் கிடைப்பது கடினம், குளிர்ந்த நாளில் ஐஸும் மெதுவாகவே கரையும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் நடத்தினால் பெட்டிகளுக்கிடையிலான வேறுபாடு கண்முன்னே தெரியும் என்பதால் நாங்கள் அந்த மாதங்களையே விரும்புகிறோம்.

முதலில் அறிமுகம் செய்யவேண்டாமா? ஏன் வந்தவுடன் மீனைக் கையில் எடுக்கச் சொல்கிறீர்கள்?

இந்தச் செயலமர்வின் நேரத்தை வளவாளர் தீர்மானிப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் மீன் குளிர எடுக்கும் நேரம்தான் தீர்மானிக்கிறது. 1.45க்கு மீன் பெட்டிக்குள் போனால்தான் தேநீர் இடைவேளை முடிந்து வரும்போது பார்க்க ஏதாவது இருக்கும். வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, மங்கல விளக்கு என்று அரை மணி நேரம் போய்விட்டால், 3.40க்குத் திறக்கும் பெட்டியில் வேறுபாடு தெளிவில்லாமல் இருக்கும். பிறகு வாயால் விளக்கவேண்டிவரும். அதிகாரிகள் எவரேனும் பேச விரும்பினால் ஐந்து மணிக்குப் பிறகு பேசட்டும்.

பதினாறு பேரை நான்கு நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ரெஜிபோம் பெட்டி, மூன்று கிலோ கும்பளா. நான்கு பெட்டிகளும் ஒரே அளவானவை, ஒரே நிழலில் இருப்பவை. முதல் பெட்டியில் மூன்று கிலோ ஐஸை நன்றாக நொறுக்கி, அடியில் ஒரு படை, மீன், ஐஸ், மீன், மேலே ஐஸ் என்று அடுக்கவேண்டும். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. இரண்டாம் பெட்டியிலும் அதே மூன்று கிலோ ஐஸ்தான். ஆனால் முஷ்டியளவு கட்டிகளாக, எல்லாம் மீனின் மேலே. மூன்றாம் பெட்டியில் ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் மட்டும், படை படையாக. நான்காம் பெட்டியில் ஐஸ் இல்லை. ஈரச் சாக்கு மட்டும். இரண்டாவதும் நான்காவதும் நம் வியாபாரிகளில் பலர் இன்று செய்வது. எந்தக் குழுவுக்கு எந்தப் பெட்டி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். வளவாளர் ஒதுக்கினால், சாக்குப் பெட்டி கிடைத்தவர்கள் தங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் நடுப்படையில் இருக்கும் ஒரு மீனின் முதுகுச் சதையின் மிகத் தடித்த இடத்தில் ஊசி வெப்பமானியின் நுனி இருக்கவேண்டும். ஐஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஐஸின் வெப்பநிலையைத்தான் அது காட்டும்.

பெரிய மீன் வைத்தால் ஆட்களுக்கு ஆர்வமாக இருக்காதா? சூரை, கெலவல்லா மாதிரி?

நாங்களும் அப்படி நினைத்து முதல் தடவை ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட ஒரு சூரையை வாங்கி வைத்தோம். ஐந்து மணிக்கு எல்லாரும் எழும்பிப் போகும் நேரத்திலும் அதன் நடுச்சதை குளிர்ந்திருக்கவில்லை. ஐஸ் சரியாகத்தான் இருந்தது, அடுக்கியதும் சரி; ஆனால் பங்குபற்றுநர் கண்டது, ஐஸ் வைத்தும் மீன் குளிரவில்லை என்பதை மட்டுமே. அந்த நாளின் பாதிப்பு பெரிது.

காரணம் எளிமையானது. குளிர் மேற்பரப்பிலிருந்து நடுவுக்குப் போகவேண்டும். தடிப்பு இரண்டு மடங்கானால் அதற்கு எடுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். உள்ளங்கையளவு தடிப்பில்லாத கும்பளா ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். பெரிய சூரைக்கு அரைநாள் போதாது. ஆகவே செயல்முறைக்கு கும்பளா அல்லது சாளை. பெரிய மீனைப் பற்றிப் பேசுவதற்கு அந்த நான்கு மடங்குக் கணக்கு. பெரிய மீன் விற்பவர் அதைக் கேட்டவுடன், வாடியிலேயே ஐஸில் போட்டுக் கொண்டுவரவேண்டும் என்று தானே சொல்லிவிடுவார்.

ஊசி வெப்பமானி பிழையாகக் காட்டினால் எப்படித் தெரியும்?

முந்திய நாள் இரவே பாருங்கள். ஒரு கோப்பையில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, ஐஸின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் தண்ணீர் விட்டு, கலக்கி, மூன்று நிமிடம் விட்டு, ஊசியைக் கோப்பையின் சுவரிலும் அடியிலும் படாமல் பிடியுங்கள். சுழியம் காட்டவேண்டும், ஒரு பாகை கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, இரண்டு மூன்று பாகை விலகினால் அதை ஒதுக்கிவிடுங்கள். இதையே செயலமர்வில் 2.30க்கு, முதல் வாசிப்புக்கு முன்பு, ஒவ்வொரு குழுவும் தாங்களாகச் செய்து பார்க்கட்டும். தங்கள் கையால் சுழியத்தைக் கண்டவர்கள் பிறகு வரும் எண்களை நம்புவார்கள்.

மீன் குளிர்ந்துகொண்டிருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தில் என்ன செய்வது?

2.00 முதல் 2.30 வரை, நிலத்தில் ஒரு பழுப்புத் தாளை விரித்து மீனின் ஒரு நாளை வரையச் சொல்லுங்கள்: வலையில் ஏறிய நேரம், கரை சேர்ந்த நேரம், கூறு போட்ட நேரம், வியாபாரியின் பெட்டிக்குள் வந்தது, கடைசி வீட்டு வாசல், சட்டி. ஒவ்வொரு கட்டத்திலும் மீன் ஐஸில் இருந்ததா, வெயிலில் இருந்ததா என்று இரண்டு நிறச் சுண்ணக்கட்டியால் குறிக்கவேண்டும். பங்குபற்றுநர் தங்களை அறிமுகம் செய்துகொள்வதும் இதற்குள் தானாக நடந்துவிடும்; திருக்கடலூரில் எடுக்கும் ஒருவரும் கிண்ணியாவில் எடுக்கும் ஒருவரும் தங்கள் நேரங்களை ஒப்பிடத் தொடங்கினால் நீங்கள் பேசத் தேவையில்லை.

2.35 முதல் 3.05 வரை ஐஸ் கணக்கு. எழுத வாசிக்கத் தயங்குபவர்கள் இருப்பார்கள் என்பதால் கரும்பலகையை விடச் சோகியும் புளியங்கொட்டையும் நல்லது. கணக்கு இப்படிப் போகும். பத்துக் கிலோ மீன், முப்பது பாகை சூட்டில். அதைச் சுழியத்துக்கு இறக்கவேண்டும். பத்தை முப்பதால் பெருக்கினால் முந்நூறு. மீன் முழுக்கத் தண்ணீர் அல்ல, தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பத்தைத்தான் அது பிடித்து வைக்கிறது என்பதால் இருநூற்று எழுபது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இந்தக் கணக்கில் எண்பதை இழுத்துக்கொள்ளும். இருநூற்று எழுபதை எண்பதால் வகுத்தால் மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது மீனைக் குளிராக்க மட்டும் அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் கரைந்து போய்விடுகிறது.

இந்த இடத்தில் நிறுத்தி, மற்ற ஐஸ் எங்கே போகிறது என்று கேளுங்கள். பெட்டியின் சுவரால் வரும் சூடு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூடி திறப்பது, வெயிலில் சைக்கிளை நிறுத்துவது என்று அவர்களே அடுக்குவார்கள். மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்ற பழைய விதி எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரியும். காலையில் வாங்கி மதியத்துக்குள் விற்பவருக்கு, நல்ல மூடியுள்ள பெட்டியில் அந்த அளவு போதும். மூடியில்லாத பிளாஸ்டிக் கூடையில் அதே அளவு போதாது. சரியாக இருந்ததா என்பதற்கு ஒரே அடையாளம்: கடைசி மீனை எடுக்கும்போது பெட்டியில் இன்னும் ஐஸ் இருக்கவேண்டும்.

இடைவேளையை எப்போது விடுவது? எத்தனை?

இரண்டு. முதலாவது தேநீர் இடைவேளை 3.15 முதல் 3.40 வரை. அஸர் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் பள்ளிவாசல் நாட்காட்டியைப் பார்த்து இந்த நேரத்தை முன்பின் தள்ளுங்கள். தொழ இடமும் ஒழுச் செய்யத் தண்ணீரும் எங்கே என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பதினைந்து நிமிட இடைவேளை என்று அறிவித்து, தொழப் போனவர்கள் திரும்புமுன் பெட்டியைத் திறந்த தவறை நாங்கள் ஒருமுறை செய்தோம். அன்றைய மிக முக்கியமான காட்சியை நான்கு பேர் தவறவிட்டார்கள். பிறகு இருபத்தைந்து நிமிடத்துக்குக் கீழே குறைத்ததேயில்லை.

இரண்டாவது 4.35க்கு, பத்து நிமிடம், எழும்பிக் கை கழுவி வெளியில் நிற்க மட்டும். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பியவர்கள் இவர்கள். நாலரை மணிக்குக் கண் சொக்குவது அக்கறையின்மை அல்ல. தேநீருடன் வடை, வாழைப்பழம் போதும். மீன் பணிஸ் வேண்டாம். நான்காம் பெட்டியைத் திறந்தபின் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

பெட்டிகளைத் திறக்கும்போது வளவாளர் என்ன சொல்லவேண்டும்?

முடிந்தவரை எதுவும் சொல்லவேண்டாம். நான்கு பெட்டிகளையும் ஒரே வரிசையில் வைத்து, ஒவ்வொரு குழுவும் தங்கள் பெட்டியைத் தாங்களே திறந்து, வெப்பமானியை உரக்க வாசித்து, சுவரில் உள்ள தாளில் எழுதட்டும். பிறகு எல்லாரும் நான்கு பெட்டிகளையும் சுற்றி வரவேண்டும்: விரலால் அழுத்திப் பார்ப்பது, செவுளைத் திறந்து நிறம் பார்ப்பது, மணப்பது.

முதல் பெட்டியில் எண் ஐந்துக்குக் கீழே வந்திருக்கும் அல்லது வந்துகொண்டிருக்கும். கவனிக்கவேண்டியது இரண்டாம் பெட்டி. முதல் பெட்டியில் போட்ட அதே மூன்று கிலோ ஐஸ்; மேலே இருக்கும் மீன் கையைச் சுடுவதுபோல் குளிர்ந்திருக்கும், அடியில் கைவிட்டால் மீன் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். கட்டிக்கும் கட்டிக்கும் இடையில் காற்று. காற்று குளிரைக் கடத்தாது. நிலாவெளியிலிருந்து வந்த ஒரு அக்கா அடியிலிருந்து ஒரு மீனை எடுத்து, மேல் மீனுடன் சேர்த்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு, "நான் தினமும் ஐஸுக்குக் காசு குடுக்கிறன், குளிர்றது மூடிதான்" என்றார். அரைநாளில் நான் சொன்ன எதையும் விட அந்த ஒரு வாக்கியம்தான் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே ஐஸை நொறுக்குவதையும் அடியிலும் இடையிலும் போடுவதையும் அழுத்துங்கள். அது கூடுதல் காசு கேட்கவில்லை. ஒரு சாக்கும் ஒரு மரக்கட்டையும் போதும்.

"இருவது வருசமா இப்பிடித்தான் விக்கிறன், ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல" என்று ஒருவர் சொன்னால்?

கட்டாயம் ஒருவர் சொல்வார், பெரும்பாலும் மூத்தவர். மறுக்காதீர்கள். "நானா, மீன் சாப்பிட்டுட்டு முகம் சிவந்து சொறிஞ்ச ஆளைக் கண்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள். அறையில் பாதிப் பேர் கண்டிருப்பார்கள். அதை அவர்கள் ஒவ்வாமை என்றோ சூடு என்றோ சொல்லியிருப்பார்கள். 4.15க்கு வரும் ஹிஸ்டமின் பகுதியின் வாசல் அதுதான்.

சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே அதிகம். மீன் சூட்டில் கிடக்கும்போது கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், தலையிடி, அரிப்பு, தடிப்பு, சிலருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வியாபாரிகள் மனதில் பதியவேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, ஹிஸ்டமின் உண்டான பிறகு பொரித்தாலும் அவித்தாலும் கருவாடு போட்டாலும் பின்னர் ஐஸில் வைத்தாலும் அது அழியாது. மற்றது, மீன் நாறாமலும் கண் தெளிவாகவும் இருக்கும்போதே அது இருக்கக்கூடும். மணந்து பார்த்து மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இரண்டாவது விஷயம் மிகவும் கஷ்டமாக இருக்கும். அவர்களுடைய திறமையைக் குறைத்துச் சொல்வதாகப் படும். மணமும் செவுளும் பழுதடைந்த மீனைக் காட்டும், ஹிஸ்டமினைக் காட்டாது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

அந்த மூத்தவருக்குப் பதில் சொல்லி முடித்ததாக நினைக்காதீர்கள். ஏதாவது நடந்திருந்தாலும் வாடிக்கையாளர் வந்து சொல்லியிருக்க மாட்டார், அடுத்த வாரம் வேறு ஆளிடம் வாங்கியிருப்பார் என்று பெரும்பாலும் இன்னொரு வியாபாரியே சொல்வார். அவருக்கு இடம் விடுங்கள்.

ஐஸுக்குச் செலவழித்தால் இலாபம் போய்விடும் என்கிறார்கள். அதற்கு என்ன நடவடிக்கை?

4.45 முதல் 5.05 வரை இதற்குத்தான். ரூபாய் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் கணக்கை மீன் கிலோவில் போடுங்கள். உதாரணமாக ஒருவர் இருபது கிலோ கும்பளா எடுக்கிறார். பதினாலு கிலோ நல்ல விலைக்குப் போகிறது. மீதி ஆறு கிலோ பதினொரு மணிக்குப் பிறகு வாடிப்போய், பாதி விலைக்குப் போகிறது. அவர் இழந்தது மூன்று கிலோ மீனின் விலை. இப்போது இருபது கிலோ ஐஸின் விலையை அன்றைய மூன்று கிலோ கும்பளாவின் விலைக்குப் பக்கத்தில் அவரே எழுதட்டும். அவரவர் தங்கள் சொந்தப் போன வார எண்களால் இதைச் செய்யவேண்டும். இருவர் இருவராக, தெரிந்தவருடன் அல்லாமல் வேறு ஊர்க்காரருடன் இருந்தால் கூச்சமின்றி உண்மையான எண்ணைச் சொல்வார்கள்.

சிலருக்குக் கணக்கு ஐஸுக்கு எதிராக வரும். ஒன்பது மணிக்குள் ஐந்தாறு கிலோவை விற்று முடிக்கும் ஒருவருக்கு விலை இழப்பே இருக்காது. அதை மூடி மறைக்காதீர்கள். அவருக்கு மூன்றாம் பெட்டியைக் காட்டுங்கள்: ஒரு கிலோ ஐஸ் என்றாலும் நொறுக்கிப் படை படையாகப் போட்டால் எதுவும் இல்லாததை விட எவ்வளவு மேல் என்பது அங்கே எழுதியிருக்கிறது. அத்துடன், கணக்கு எப்படி வந்தாலும் கும்பளாவும் சூரையும் விற்பவர் ஹிஸ்டமினுக்காக ஐஸ் போடத்தான் வேண்டும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கையேடு எத்தனை பக்கம்? எப்போது கொடுப்பது?

ஒரே தாள், இரண்டு பக்கம், முடிவில். ஆரம்பத்தில் கொடுத்தால் விசிறியாகும். மேலும் பெட்டியைத் திறக்குமுன் விடை தெரிந்துவிடும். ஆரம்பத்தில் குழுவுக்கு ஒன்றாக வாசிப்புப் படிவம் மட்டும் போதும்: நேரம், வெப்பநிலை, ஐஸ் மீதி என்று மூன்று நிரல்.

கையேட்டின் முன்பக்கத்தில் பெட்டியின் குறுக்குவெட்டுப் படம் பெரிதாக, ஐஸ் படைகள் நீலத்தில். கீழே "மீன் ஒரு பங்கு, ஐஸ் ஒரு பங்கு" என்ற ஒரே வரி. பின்பக்கத்தில் ஹிஸ்டமின் வரக்கூடிய மீன்களின் படங்கள், அறிகுறிகள், மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தொலைபேசி எண்ணை எழுத ஒரு வெற்றிடம். அந்த எண்ணை அச்சடிக்காமல் கையால் எழுதச் செய்யுங்கள். ஊருக்கு ஊர் வேறு, எழுதியவருக்கு நினைவிலும் இருக்கும். லெமினேட் பண்ணி மூலையில் ஒரு துளை போட்டால் பெட்டியின் கைபிடியில் கட்டிவிடலாம். நகரச் சந்தையிலிருந்து வருபவர்களில் சிங்களம் பேசுபவர்களும் இருந்தால் சிங்களப் பிரதியும் தேவை. படம் ஒன்றே, வரிகள் குறைவு என்பதால் செலவு பெரிதல்ல.

செயல்முறைக்கு வாங்கிய மீனை என்ன செய்வது?

முதல் பெட்டி மீனை அன்றிரவே சமைக்கலாம். மற்ற மூன்று பெட்டிகளிலும் உள்ளதை யாருக்கும் கொடுக்கக்கூடாது, பூனைக்கும் கூட, தென்னைக்குப் புதையுங்கள். ஒன்பது கிலோ மீனைப் புதைப்பது அறையில் உள்ள எல்லாருக்கும் மனதை உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆயினும் அரைநாள் முழுக்கச் சொன்னதற்கு மாறாக அதைக் கறிக்குக் கொடுத்தனுப்ப முடியாது. மீனின் அளவைக் குறைக்க விரும்பினால் பெட்டிக்கு இரண்டு கிலோ வரை இறங்கலாம், ஐஸையும் அதே விகிதத்தில் குறையுங்கள். அதற்குக் கீழே போனால் பெட்டியில் படைகள் அமையாது.

ஐஸ் பதினைந்து கிலோ வாங்குங்கள். பெட்டிகளுக்கு ஏழு, வெப்பமானி சோதனைக்கு இரண்டு, மிச்சம் வழியிலும் நொறுக்கும்போதும் போய்விடும்.

செயலமர்வு பலித்ததா என்று எப்படி அறிவது?

முடிவில் நிரப்பும் கருத்துப் படிவத்தில் எல்லாரும் நல்லது என்றுதான் எழுதுவார்கள். இரண்டு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, காலை பதினொரு மணிக்கு அவர்கள் விற்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு மீன் வாங்குங்கள். அது பெட்டியின் அடியில் இருந்து வரவேண்டும். அவர் முன்னிலையிலேயே ஊசியை அதன் முதுகுச் சதையில் செருகி, எண்ணை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் சரி. பத்து, பன்னிரண்டு என்றால் மூடியைத் திறந்து இருவருமாகப் பாருங்கள்: பெரும்பாலும் ஐஸ் போதிய அளவு இருக்கும், ஆனால் மறுபடியும் கட்டியாக மேலே ஏறியிருக்கும், ஏனென்றால் விடியப்புறம் நாலு மணிக்கு நொறுக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. ஐஸ் விற்கும் இடத்திலேயே நொறுக்கித் தரக் கேட்கலாமா என்பதை அங்கே நின்றே அவருடன் பேசுங்கள்.